நெல் துண்டில் தவறிய திகதி: சேவையகப் பதிலின் Date வரியை வாசித்தல் பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

காலபோக அறுவடை உச்சத்தில் நிற்கும் மாசி மாதத்தில் வன்னியின் நெல் ஆலைகளுக்கு இரவு பகல் என்ற வேறுபாடு இருப்பதில்லை. அறுவடை இயந்திரம் எந்த நேரத்தில் வயலை விட்டு ஏறுகிறதோ, அந்த நேரத்தில் உழவு இயந்திரப் பெட்டிகள் ஆலை வாசலில் வரிசையாக நிற்கும். பரந்தன் பக்கத்தில் உள்ள அப்படிப்பட்ட ஓர் ஆலையில், வண்டியோடு சேர்த்து நிறுக்கும் பெரிய தராசு ஒரு கணினியுடன் இணைக்கப்பட்டிருக்கிறது. நிறுத்து முடிந்தவுடன் கமக்காரரின் பெயர், நிறை, கழிவு, திகதி ஆகியவை அச்சான ஒரு சிறு துண்டு வெளியே வரும். அந்தத் துண்டில் உள்ள திகதியின் விலைக்கே காசு கொடுக்கப்படும். துண்டில் நேரம் அச்சாவதில்லை என்பதை வாசகர் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும், ஏனெனில் பிழை நெடுநாள் மறைந்து கிடந்ததற்கு அதுவே காரணம்.

முறைப்பாடு ஒரு கமக்காரரிடமிருந்து வந்தது. 2025 பெப்ரவரி 19ஆம் திகதி அதிகாலை இரண்டேகால் மணியளவில் அவர் 2,860 கிலோ நெல்லை நிறுத்திருக்கிறார். துண்டிலோ 18ஆம் திகதி என்று இருந்தது. 19ஆம் திகதியிலிருந்து ஆலை கிலோவுக்கு இரண்டு ரூபா கூட்டிக் கொடுத்தபடியால், அவருக்கு 5,720 ரூபா குறைந்துவிட்டது. கணக்கை ஒழுங்குபடுத்தும் இளைஞர் ஏற்கனவே ஒன்றைக் கவனித்து வைத்திருந்தார். "அண்ணை, சாமத்திலை வாற லோட்டெல்லாம் முதல்நாள் கணக்கிலை போய்க் கிடக்குது, விடிஞ்சாப்பிறகு வாறது மட்டும் சரியா நிக்குது" என்று அவர் என்னிடம் சொன்னதில் விடையின் பெரும்பகுதி இருந்தது. ஒரு கடிகாரம் பழுதானால் அது இரவுக்கு ஒரு விதமாகவும் பகலுக்கு வேறு விதமாகவும் பிழைப்பதில்லை. நள்ளிரவு தாண்டியவை மட்டும் பின்தள்ளப்படுகின்றன என்றால் எல்லாப் பதிவுகளுமே ஒரு குறிப்பிட்ட அளவு பின்னால் நிற்கின்றன என்றும், பகலில் அந்தப் பின்னடைவு திகதியை மாற்றும் அளவுக்குப் போவதில்லை என்றும் ஊகிக்கலாம்.

ஊகத்தைச் சோதிப்பதற்கு ஆலையில் ஒரு நல்ல சாட்சி இருந்தது. வாசல் காவலாளி உள்ளே வரும் ஒவ்வொரு வண்டியின் இலக்கத்தையும் நேரத்தையும் ஒரு கொப்பியில் எழுதி வைத்திருந்தார். தராசுக் கணினியின் தரவுத்தளத்தில் துண்டில் அச்சாகாத நேரமும் சேமிக்கப்பட்டிருந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, 19ஆம் திகதி காலை 7:20க்கு வந்த வண்டி கணினியில் அதே நாள் 1:50 என்று இருந்தது. நேரம் பிழை, திகதி சரி. அதைவிடத் தெளிவானவை ஒன்றன் பின் ஒன்றாக வந்த இரண்டு வண்டிகள். காவலாளியின் கொப்பியில் 5:28, 5:31 என்று இருந்த அவை, கணினியில் 18ஆம் திகதி 23:58 என்றும் 19ஆம் திகதி 0:01 என்றும் பதிவாகி, மூன்று நிமிட இடைவெளியில் இரண்டு வெவ்வேறு நாள்களுக்குப் போயிருந்தன. வேறுபாடு எங்கும் ஏறத்தாழ ஐந்தரை மணித்தியாலம். செக்கனில் சொன்னால் 19,800.

இந்த எண் நேரக் கோளாறுகளில் ஓர் அடையாளக் குறி. கணினியின் கடிகாரம் மெதுவாக ஓடினால் வேறுபாடு நாளுக்கு நாள் வளரும். தாய்ப்பலகையில் உள்ள சிறு பற்றரி இறந்தால் ஆண்டே பிழைத்து, கணினி பழைய ஏதோ ஒரு திகதிக்குப் போய்விடும். வேறுபாடு அசையாமல் ஐந்தரை மணித்தியாலத்தில் நின்றால் கடிகாரத்தில் பழுது எதுவும் இல்லை. இலங்கையைவிட ஐந்தரை மணித்தியாலம் பின்னால் நிற்கும் கிரீன்விச் நேரத்தை யாரோ இலங்கை நேரம் என்று எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

கிரீன்விச் நேரம் பரந்தனில் உள்ள ஒரு தராசுக்குள் எப்படி வந்தது என்பதற்கான விடை நிரலைத் திறந்தபோது கிடைத்தது. அந்தக் கணினியின் பற்றரி உண்மையிலேயே முன்னர் ஒருமுறை இறந்திருந்தது. மின் நின்று வரும்போதெல்லாம் கடிகாரம் அழிந்தது. வழக்கமாக இணையத்தில் நேரத்தைச் சரிபார்க்கும் என்டிபி முறை, அங்கிருந்த இணைப்பில் அதன் 123ஆம் துறை அடைக்கப்பட்டிருந்தபடியால் வேலை செய்யவில்லை. ஆகவே நிரலைப் பராமரித்தவர், நிறுவை முடியும் ஒவ்வொரு முறையும் ஆலையின் இணையத்தளத்தைத் தொட்டு, அங்கிருந்து வரும் பதிலின் தலைப்பு வரிகளில் உள்ள `Date` என்பதை எடுத்து அதையே நிறுவை நேரமாகப் பதியும்படி மாற்றியிருந்தார். எண்ணம் மோசமானதன்று. இணையப் பக்கம் திறக்கக்கூடிய எந்த இணைப்பிலும் அந்த வரி வந்து சேரும், அதற்கென்று தனி அனுமதி எதுவும் வேண்டியதில்லை. வந்த வரியை வாசித்த விதத்திலேயே பிழை இருந்தது.

அந்த வரியை யாரும் தம் கண்ணால் பார்க்கலாம்.

```
curl -sI http://example.com/ | grep -iE '^(date|age):'
```

இந்தக் கட்டளை பக்கத்தின் உள்ளடக்கத்தைக் கேட்காமல் தலைப்பு வரிகளை மட்டும் கேட்கிறது. முறைப்பாட்டுக்குரிய நிறுவையின்போது கிடைத்த வரிகளை நிரல் ஒரு கோப்பில் அப்படியே சேமித்து வைத்திருந்தது நல்வாய்ப்பு. அவை பின்வருமாறு இருந்தன.

```
HTTP/1.1 200 OK
Date: Tue, 18 Feb 2025 20:41:07 GMT
Age: 214
```

முதலில் `Date` வரியை மட்டும் பார்ப்போம். கிழமையின் மூன்று எழுத்து, காற்புள்ளி, இரண்டு இலக்க நாள், மாதத்தின் மூன்று எழுத்து, நான்கு இலக்க ஆண்டு, இருபத்துநான்கு மணித்தியாலக் கணக்கில் நேரம், கடைசியில் `GMT`. இடைவெளிகளையும் சேர்த்து எண்ணினால் 29 எழுத்துகள். உலகின் எந்தச் சேவையகத்தைக் கேட்டாலும், விதியை மதிக்கிற சேவையகமாக இருந்தால், இந்த 29 எழுத்துகளில் ஒன்று கூடவோ குறையவோ வராது. நாள் ஒற்றை இலக்கமாக இருந்தால் முன்னால் சுழியம் சேரும். எழுத்தின் பெரிது சிறிதுகூட மாறக்கூடாது. சேவையகம் யாழ்ப்பாணத்தில் இருந்தாலும் சிங்கப்பூரில் இருந்தாலும், அதன் இயக்குமுறை தமிழில் ஓடினாலும் யப்பானிய மொழியில் ஓடினாலும், கிழமையும் மாதமும் அதே ஆங்கிலச் சுருக்கங்களாகவே இருக்கும். மனிதருக்கு நேரம் சொல்வதற்காக அல்லாமல், ஒரு கணினி இன்னொரு கணினிக்குச் சொல்வதற்காகவே இந்த வரி எழுதப்படுகிறது என்பதை விளங்கிக்கொண்டால் மற்றவை தாமாகவே விளங்கும்.

வரியின் முதன்மையான வேலை நகல்களின் வயதைக் கணிப்பது. இணையத்தில் ஒரு பக்கம் ஒவ்வொரு முறையும் அதன் மூலச் சேவையகத்திலிருந்தே வருவதில்லை. வழியில் உள்ள இடைக் கணினிகளும் நம் உலாவியும் அதன் நகலை வைத்திருந்து, அது பழசாகாத வரைக்கும் அதையே திருப்பிக் கொடுக்கின்றன. பழசாகிவிட்டதா என்று அறிவதற்கு, பதில் எப்போது உருவானது என்பதும் எப்போது காலாவதியாகும் என்பதும் தெரிய வேண்டும். `Date` 20:41:07 என்றும் `Expires` 20:46:07 என்றும் இருந்தால், ஒன்றிலிருந்து மற்றையதைக் கழித்து 300 செக்கன் என்று எடுத்துக்கொள்ளலாம். இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. இரண்டு நேரங்களும் ஒரே சேவையகத்தின் ஒரே கடிகாரத்திலிருந்து வருவதால், அந்தக் கடிகாரமே பத்து நிமிடம் பிழையாக ஓடினாலும் கழித்து வரும் 300 பிழைப்பதில்லை. `Date` வரி ஒவ்வொரு பதிலுடனும் கூடவே வருவதற்கு இதுவும் ஒரு காரணம். இப்படிக் கழிப்பது நாளொன்றுக்கு எண்ணற்ற முறை, மனிதக் கண் படாமல் நடக்கிற வேலை. அதில் ஒரு பக்கத்தில் கொழும்பு நேரமும் மறுபக்கத்தில் நியூயோர்க் நேரமும் வந்து விழுந்தால், வாசிக்கும் ஒவ்வொரு கணினியும் உலகின் எல்லா நேர வலயங்களையும் அவற்றின் மாறுதல்களையும் தெரிந்துவைத்திருக்க வேண்டிவரும்.

வலயப் பெயர்களை நம்பினால் என்ன ஆகும் என்பதை மின்னஞ்சல் முன்னரே காட்டியிருந்தது. இந்த வரியின் தோற்றம் மின்னஞ்சலிலிருந்து வந்ததுதான். 1982இல் வெளியான ஆர்எஃப்சி 822 என்ற மின்னஞ்சல் விதி, அனுப்புபவர் தம் உள்ளூர் நேரத்தை எழுதலாம் என்றும், அமெரிக்க வலயச் சுருக்கங்களைப் பயன்படுத்தலாம் என்றும், ஆண்டை இரண்டு இலக்கத்தில் எழுதலாம் என்றும் அனுமதித்தது. 1989இல் வந்த ஆர்எஃப்சி 1123 ஆண்டை நான்கு இலக்கத்தில் எழுதும்படி பரிந்துரைத்தது. கடிதத்துக்கு உள்ளூர் நேரம் பொருத்தமானதே, ஏனெனில் எழுதியவர் எந்த நேரத்தில் எழுதினார் என்று அறிய வாசிப்பவர் விரும்புவார். ஆனால் சுருக்கங்கள் ஆபத்தானவை. `IST` என்ற மூன்றெழுத்து இந்தியாவுக்கும் அயர்லாந்துக்கும் இஸ்ரேலுக்கும் பொதுவாக வழங்குகிறது. எந்த நாடு என்று கணினியால் சொல்ல முடியாது.

வலைக்கான எச்டிடிபி விதி 1996இல் ஆர்எஃப்சி 1945 ஆக எழுதப்பட்டபோது, அதற்குள் மூன்று விதமான திகதி எழுத்துகள் புழக்கத்தில் வந்துவிட்டிருந்தன. விதி நூல்கள் இன்றும் எடுத்துக்காட்டும் ஒரே கணத்தின் மூன்று வடிவங்கள் இவை.

```
Sun, 06 Nov 1994 08:49:37 GMT
Sunday, 06-Nov-94 08:49:37 GMT
Sun Nov  6 08:49:37 1994
```

இரண்டாவது, 1983ஆம் ஆண்டின் ஆர்எஃப்சி 850 இலிருந்து, செய்திக்குழுக்களின் வழியாக வந்தது. மூன்றாவது, சி மொழியின் `asctime` என்ற செயற்கூறு எழுதித் தருவது. இரண்டாவதில் ஆண்டு இரண்டு இலக்கம்தான். கிழமையும் முழுப் பெயராக வருவதால் வரியின் நீளம் நாளுக்கு நாள் மாறுகிறது. மூன்றாவதில் வலயமே இல்லை, நாளுக்கு முன்னால் சுழியத்துக்குப் பதில் வெற்றிடம் இருக்கிறது. அதன் பின்னர் வந்த விதிகள் எடுத்த முடிவு எனக்கு மிகவும் நியாயமாகப் படுகிறது. அனுப்புபவர் முதல் வடிவத்தை மட்டுமே எழுத வேண்டும், வாசிப்பவர் மூன்றையும் ஏற்க வேண்டும். 2022இல் வெளியான ஆர்எஃப்சி 9110 வரைக்கும் இது மாறவில்லை. இரண்டு இலக்க ஆண்டுடன் பழைய வரி ஒன்று வந்து, அதை வாசிக்கும்போது ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் எதிர்காலத்தில் இருப்பதுபோலத் தோன்றினால், அதே இரு இலக்கங்களுடன் முடியும் மிக அண்மைய கடந்த ஆண்டாக அதைக் கொள்ள வேண்டும் என்றும் அங்கே தெளிவாக எழுதப்பட்டிருக்கிறது.

வரியின் கடைசியில் உள்ள `GMT` பற்றி ஒரு தவறான விளக்கம் நம்மிடையே பரவலாக உண்டு. அதை லண்டன் நேரம் என்று பலர் நினைக்கிறார்கள். இந்த ஆலையிலேயே பிழையைத் திருத்த முன்வந்த ஒருவர், கணினியின் வலயத்தை லண்டன் என்று வைத்துவிட்டு அதிலிருந்து இலங்கை நேரத்துக்கு மாற்றலாம் என்று ஆலோசனை சொன்னார். பெப்ரவரியில் அது சரியாகவே வேலை செய்திருக்கும். மார்ச் மாதத்தின் கடைசி ஞாயிறன்று, அந்த ஆண்டில் 30ஆம் திகதி, பிரித்தானியா கோடை நேரத்துக்கு மாறியவுடன் எல்லாப் பதிவுகளும் ஒரு மணித்தியாலம் பிழைத்திருக்கும். `Date` வரியின் `GMT` கோடைக்காக நகர்வதில்லை. விதியின்படி அதை யுடிசி என்ற உலகப் பொது நேரமாகவே வாசிக்க வேண்டும்.

உள்ளூர் நேரம் என்பது எவ்வளவு நிலையற்றது என்பதற்கு வன்னிக்கு வெளியே உதாரணம் தேட வேண்டியதில்லை. 1996 மே 25ஆம் திகதி, மின்சாரத்தை மிச்சப்படுத்துவதற்காக இலங்கை தன் நேரத்தை ஐந்தரையிலிருந்து ஆறரை மணித்தியாலத்துக்கு முன்தள்ளியது. அதே ஆண்டு ஒக்டோபர் 26இல் அது ஆறாகக் குறைந்தது. 2006 ஏப்ரல் 15இல் மறுபடியும் ஐந்தரைக்குத் திரும்பியது. இந்தப் பத்தாண்டுக் காலத்தில் விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகள் புதிய நேரத்தை ஏற்காமல் பழைய ஐந்தரையிலேயே இருந்தன. 2002இல் ஏ9 வீதி திறந்த பின்னர் ஓமந்தையைக் கடந்து வடக்கே வந்தவர் தம் கைக்கடிகாரத்தை அரை மணித்தியாலம் பின்னுக்குத் தள்ள வேண்டியிருந்தது. ஒரே தீவு, ஒரே வீதி, இரண்டு நேரம். அன்று ஒரு சேவையகம் "உள்ளூர் நேரம் ஒன்பது மணி" என்று எழுதியிருந்தால், வவுனியாவில் வாசித்தவரும் கிளிநொச்சியில் வாசித்தவரும் இரண்டு வெவ்வேறு கணங்களை விளங்கியிருப்பார்கள். கிரீன்விச் நேரத்தில் எழுதிய வரிக்கு, எந்தப் பக்கம் யாருடைய ஆணை செல்லுபடியானது என்ற கேள்வியே எழுவதில்லை.

இதன் தடம் இன்றைய மென்பொருளிலும் இருக்கிறது. கணினிகள் பயன்படுத்தும் நேர வலயத் தரவுத்தளத்தில் இலங்கைக்கு உள்ள பெயர் `Asia/Colombo`. அது கொழும்பின் வரலாற்றையே வைத்திருக்கிறது. 2003இல் கிளிநொச்சியில் எழுதிய ஒரு பதிவேட்டை யாராவது இன்று கணினியில் ஏற்றி அந்த வலயத்தைக் கொடுத்தால் அரை மணித்தியாலம் பிழைக்கும். பழைய ஆவணங்களைச் சேகரிப்போர் இதை அறிந்திருப்பது நல்லது. இன்றைய நெல் துண்டுக்கு அந்த வலயம் போதுமானது.

இனி நிரலின் பிழை. சிக்கல் முழுவதும் பைதான் மொழியில் எழுதிய ஒரே வரியில் இருந்தது.

```
t = datetime.strptime(d, "%a, %d %b %Y %H:%M:%S GMT")
```

வரியைப் பிரிப்பதற்கான அச்சில் `GMT` என்பது வெறும் எழுத்தாக வைக்கப்பட்டிருக்கிறது. பைதான் அந்த மூன்றெழுத்தும் அங்கே இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுப் பொருளை வீசிவிடுகிறது. மிஞ்சுவது வலயம் ஏதும் ஒட்டாத 20:41:07. அந்த நேரம் தரவுத்தளத்துக்குப் போனபோது, வலயம் இல்லாத எதையும் இலங்கை நேரம் என்று கொள்ளும் வழக்கப்படி அது 18ஆம் திகதி இரவு 8:41 ஆகியது. அச்சில் `GMT` என்பதற்குப் பதில் `%Z` என்று எழுதினாலும் பைதானில் இதே கதைதான். பெயரை ஏற்றுக்கொள்ளும், ஆனால் விளைவில் வலயத்தை ஒட்டாது. எச்சரிக்கை எதுவும் வராது, பிழைச்செய்தியும் வராது. எனவேதான் இந்த வகைப் பிழை நிரலைச் சோதிக்கும்போது பிடிபடாமல் அறுவடை வரைக்கும் காத்திருக்கிறது.

அதே வரியில் இன்னொரு பலவீனமும் இருந்தது, அது தமிழில் வேலை செய்வோரை நேராகத் தாக்குவது. துண்டில் மாதப் பெயர் தமிழில் வர வேண்டும் என்று ஆலை முதலாளி நெடுநாளாகக் கேட்டுவந்தார். அதற்காக நிரலின் மொழி அமைவை `ta_LK.UTF-8` என்று மாற்றினால், `%a`, `%b` ஆகிய இரண்டும் கிழமையையும் மாதத்தையும் தமிழ்ப் பெயர்களாக எதிர்பார்க்கத் தொடங்கும். சேவையகமோ எப்போதும்போல `Tue`, `Feb` என்றே அனுப்பும். பிரதியெடுத்த ஒரு கணினியில் செய்து பார்த்தபோது, தரவு அச்சுடன் பொருந்தவில்லை என்ற பிழைச்செய்தியுடன் நிரல் உடனே நின்றது. எதிர்ப்பக்கத்திலும் இதே பொறி இருக்கிறது. தமிழ் அமைவில் ஓடும் ஒரு சேவையக நிரல் `strftime` கொண்டு இந்த வரியைத் தானே எழுத முயன்றால், தமிழ் எழுத்தில் ஒரு `Date` வரி வெளியே போகும், அதை எந்த உலாவியும் விளங்காது. `Tue`, `Feb` ஆகியவை ஆங்கிலச் சொற்களாகத் தோன்றினாலும், விதியைப் பொறுத்தவரை நிலையான குறியீடுகள். துண்டில் தமிழ் வேண்டும் என்பது முழுக்க நியாயமான கோரிக்கை, ஆனால் அது அச்சிடும் கடைசிப் படிக்கு உரியது.

திருத்தம் சிறியது. இந்த வடிவத்தை வாசிப்பதற்கென்றே பைதானில் ஒரு செயற்கூறு இருக்கிறது. மின்னஞ்சல் தொகுதிக்குள் இருக்கும் அது மொழி அமைவைப் பார்ப்பதில்லை, `GMT` என்பதைப் பொருளோடு எடுத்துக்கொள்கிறது.

```
from email.utils import parsedate_to_datetime
from zoneinfo import ZoneInfo

t = parsedate_to_datetime(d)
local = t.astimezone(ZoneInfo("Asia/Colombo"))
```

தரவுத்தளத்தில் `t` யுடிசியாகவே சேமிக்கப்படுகிறது. திகதி அச்சிடும்போது மட்டும் `local` பயன்படுகிறது. நிரல் எதுவும் எழுதாமல் விடையைச் சரிபார்க்க விரும்புவோர் லினக்ஸ் முனையத்தில் இப்படிக் கேட்கலாம்.

```
TZ=Asia/Colombo date -d 'Tue, 18 Feb 2025 20:41:07 GMT' '+%F %T %z'
2025-02-19 02:11:07 +0530
```

19ஆம் திகதி என்று வந்துவிட்டது, கமக்காரர் சொன்னது சரி. ஆனால் காவலாளியின் கொப்பியில் அந்த வண்டிக்கு 2:15 என்று எழுதியிருந்தது. ஐந்தரை மணித்தியாலத்தைக் கூட்டிய பின்னரும் நான்கு நிமிடத்துக்குக் கிட்ட ஒரு குறை விழுகிறது. மற்றப் பதிவுகளிலும் சிலவற்றில் இந்தக் குறை இருந்தது, சிலவற்றில் இல்லை, இருந்தவற்றிலும் ஐந்து நிமிடத்தைத் தாண்டவில்லை. கொப்பியில் எழுதியவரின் கவனக்குறைவு என்று இதைத் தள்ளிவிடுவது எளிது. அப்படித் தள்ளிவிடக் கூடாது என்பதற்கு மேலே காட்டிய மூன்றாவது வரியே சாட்சி: `Age: 214`.

ஆலையின் இணையத்தளத்துக்கு முன்னால், அதை விரைவாகக் கொடுப்பதற்காக நகல் வைத்திருக்கும் ஓர் இடைச் சேவை இருந்தது. முகப்புப் பக்கத்தை அது ஐந்து நிமிடம் வரை வைத்திருந்தது. நகலைத் திருப்பிக் கொடுக்கும்போது `Date` வரி மூலச் சேவையகம் எழுதியபடியே இருக்கும், ஏனெனில் அது பதில் உருவான கணத்தைச் சொல்கிறதே தவிர, நம் கைக்கு வந்த கணத்தைச் சொல்லவில்லை. நகல் எத்தனை செக்கன் பழசு என்பதை இடைச் சேவை `Age` வரியில் சேர்க்கிறது. ஆகவே 02:11:07 உடன் 214 செக்கனை, அதாவது மூன்று நிமிடம் முப்பத்துநான்கு செக்கனைக் கூட்டினால் 02:14:41 வரும். கொப்பியின் 2:15 உடன் இது அழகாகப் பொருந்துகிறது. காவலாளி கவனமாகவே எழுதியிருந்தார்.

இனிமேல் முகப்புப் பக்கத்தைத் தொடாமல், நேரத்துக்கென்றே சேவையகத்தில் வைத்த ஒரு சிறு முகவரியைத் தொடும்படி மாற்றினோம். அதன் பதிலில் `Cache-Control: no-store` இருப்பதால் நகல் எதுவும் உருவாகாது. தப்பித்தவறி `Age` வந்தால் நிரல் அதைக் கூட்டிக்கொள்ளும். பக்கம் வேறிடத்துக்கு மாற்றப்பட்டிருப்பதாக 301 என்ற பதில் வந்தாலும் கவலையில்லை. கடிகாரம் உள்ள மூலச் சேவையகம் வெற்றி, திசைமாற்றம், கேட்டவரின் பிழை ஆகிய எல்லாப் பதில்களிலும் `Date` வைக்க வேண்டும் என்பதே விதி. நம்பத்தக்க கடிகாரம் இல்லாத சேவையகம் அதை அனுப்பவே கூடாது. வரி இல்லாத பதிலை நிரல் இப்போது பதிவுக்கு எடுத்துக்கொள்வதில்லை, தொழிலாளியிடம் நேரத்தைக் கேட்கிறது.

பாதுகாப்பான இணைப்பில் ஒரு முடிச்சு இருக்கிறது. மின் நின்று வந்து தராசுக் கணினி பழைய ஆண்டொன்றில் விழித்தெழுந்தால், சேவையகத்தின் சான்றிதழ் இன்னும் செல்லுபடியாகும் நாளை எட்டவில்லை என்று சொல்லி `https` இணைப்பை அது மறுக்கும். நேரம் தெரியாமல் இணைய முடியாது, இணையாமல் நேரம் தெரியாது. அதனால் முதலில் சாதாரண `http` இல் ஏகதேசமான நேரத்தை எடுத்துக் கணினியை அதற்கு வைத்து, உடனே `https` இல் மறுபடியும் கேட்டு உறுதிசெய்கிறோம். முதற்படியை மட்டும் நம்பக்கூடாது, ஏனெனில் வழியில் உள்ள எவரும் அந்த வரியை மாற்றி எழுதலாம். டேட்டா முடிந்த சிம்மில் சாதாரண இணைப்பு வேறு ஒரு மீள்நிரப்பும் பக்கத்துக்குத் திருப்பப்படுவதும் உண்டு. அந்தப் பக்கத்துக்கும் தன் சொந்த `Date` வரி இருக்கும்.

துல்லியத்தைப் பொறுத்தவரை, வரியில் செக்கனுக்குக் கீழே எதுவும் இல்லை. அத்துடன் பதில் வந்து சேரும் தாமதமும் சேர்கிறது. நெல் நிறுக்க இது தாராளம். செக்கனின் பின்னங்கள் தேவைப்படும் வேலைக்கு இந்த வழி உதவாது. என்டிபியோ ஜிபிஎஸ் கருவியோ வேண்டும். இன்னொன்று, இந்த 29 எழுத்துகளை எழுத்துகளாகவே வைத்து வரிசைப்படுத்தினால் வெள்ளி முதலிலும் புதன் கடைசியிலும் வந்து நிற்கும், காலவரிசை கிடைக்காது. சேமிக்கும்போது ஆண்டு முதலில் வரும் வடிவத்துக்கு மாற்றிவிட வேண்டும்.

பழைய பதிவுகளைத் திருத்துவதே எஞ்சியிருந்தது. தலைப்பு வரிகள் சேமிக்கப்பட்ட நாள்களுக்கு 19,800 செக்கனையும் அந்தந்த `Age` ஐயும் கூட்டியவுடன் ஒவ்வொரு நிறுவையும் தன் சரியான நாளுக்குப் போய்விட்டது. அதற்கு முந்திய நாள்களுக்கு `Age` கிடைக்கவில்லை. ஆனால் நகல் ஐந்து நிமிடத்துக்கு மேல் பழசாவதில்லை என்பது தெரிந்ததால், ஐயம் மிகக் குறுகிய ஓர் இடத்துக்குள் அடங்கியது. இலங்கையின் நள்ளிரவு கிரீன்விச் நேரத்தில் 18:30. பதிவு 18:25க்கும் 18:30க்கும் இடையில் இருந்தால் மட்டுமே உண்மையான நிறுவை நள்ளிரவுக்கு முன்னா பின்னா என்று சொல்ல முடியாது. அதற்கு வெளியே உள்ள எல்லாவற்றிலும் நேரம் சில நிமிடம் பிழைத்தாலும் திகதி உறுதி. அந்த ஐந்து நிமிடத்துக்குள் விழுந்த நிறுவைகளைத் தனியே எடுத்து, காவலாளியின் கொப்பியில் வண்டி இலக்கத்தைத் தேடி, அங்கே எழுதியிருந்த நேரப்படி திகதி இட்டோம். கொப்பியிலும் இலக்கம் தெளிவில்லாதவற்றுக்கு இரண்டு நாள் விலையில் கூடியதைக் கமக்காரருக்குக் கொடுப்பதென்று ஆலை முடிவெடுத்தது.